ஒரு பாகை பிசகினால் ஊசல் எவ்வளவு தள்ளிப்போகும்? எனக்கு வந்த விடை 10^42

பம்பலப்பிட்டி_நிலா · செவ்வாய், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். கம்பஸில் இரண்டாம் வருடம். ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்துவிட்டு இப்போது எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால், சில இடங்களில் கணக்கு விளங்கவில்லையா, மொழி விளங்கவில்லையா என்றே தெரியாமல் போகிறது. அதனால்தான் இங்கே தமிழில் கேட்கிறேன்.

வகையீட்டுச் சமன்பாடு பாடத்தில் ஒரு பயிற்சி. 1 மீற்றர் நீள ஊசல், உராய்வு இல்லை. ஒருமுறை 30 பாகையிலிருந்து ஓய்வில் விடுகிறோம், இன்னொருமுறை 29 பாகையிலிருந்து. 10 செக்கன் கழித்து இரண்டு தீர்வுகளுக்கும் இடையிலான தூரத்துக்கு குரொன்வால் சமனிலியால் ஒரு மேலெல்லை காண வேண்டும்.

நான் செய்தது இது:

```
x' = v
v' = -9.8 sin x
```

x கோணம், v கோணவேகம். (x, v) என்ற புள்ளிகள் இரண்டுக்கும் இடையிலான தூரத்தை D என்றேன். sin இரண்டின் வித்தியாசம் கோண வித்தியாசத்தை விடக் கூடாது என்பதால் லிப்சிட்ஸ் மாறிலி L = 9.8. தொகையீடு எடுத்தால்

```
D(t) <= D(0) + 9.8 ∫ D(s) ds      (0 இலிருந்து t வரை)
```

குரொன்வால் சொல்வது `D(t) <= D(0) e^(9.8 t)`. t = 10 போட்டால் e^98. கல்குலேட்டர் 3.6 × 10^42 என்கிறது. ஒரு பாகை பிசகினால் 10^42 பாகையா? ஊசல் எங்கே போனது, பிரபஞ்சத்துக்கு வெளியேயா?

எங்கே பிழை விட்டேன்? இன்னொன்று, D இடது பக்கத்திலும் கிடக்கிறது, வலது பக்கத்தில் தொகையீட்டுக்குள்ளும் கிடக்கிறது. இதிலிருந்து e எப்படிக் கிளம்பி வருகிறது என்றும் யாராவது சொன்னால் நல்லது. விரிவுரையில் அந்த நிறுவல் இரண்டு வரியில் ஓடிவிட்டது.

---

கொட்டாஞ்சேனை_ஆசான் · செவ்வாய், இரவு 9:40

தங்கச்சி, இரண்டாவது கேள்வி லேசானது. இரண்டு பக்கத்தையும் வகையிடுங்கள். இடது பக்கம் D', வலது பக்கம் 9.8 D. ஆகவே `D' <= 9.8 D`. இரண்டு பக்கத்தையும் D ஆல் பிரித்துத் தொகையிட்டால் ln D வரும், அதைத் திருப்பினால் e. முடிந்தது.

முதல் கேள்விக்கு: ஊசல் திரும்பித் திரும்பி வருவது, ஓடிப்போவது இல்லை. விசை எப்போதும் நடுவுக்கு இழுக்கிறது, குறி மறை. நீங்கள் மட்டு எடுத்தபடியால் அந்த மறைக்குறி தொலைந்துவிட்டது. L இற்கு −9.8 போட்டுப் பாருங்கள்.

---

சும்மா_வாசிப்பவன் · செவ்வாய், இரவு 10:05

இது வண்ணத்துப்பூச்சி விளைவு இல்லையா? வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் வரும் என்பார்களே. சின்ன வித்தியாசம் பெரிதாகும் என்பது தானே அதன் அர்த்தம். அப்படியென்றால் 10^42 வருவதில் என்ன அதிசயம்?

---

பழைய_கம்பஸ்காரி · செவ்வாய், இரவு 11:20

நிலா, நீங்கள் பிழை விடவில்லை. L = 9.8 சரி, சமனிலி சரி, e^98 சரி. "தூரம் 10^42 ஐ விடக் கூடாது" என்பது உண்மையான கூற்றுத்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு கோடி கிலோமீற்றருக்குள்தான் இருக்கும் என்று சொன்னாலும் அது உண்மைதானே. மேலெல்லை சொல்வது "இதைத் தாண்டாது" என்பதை மட்டும், "இவ்வளவு இருக்கும்" என்பதை அல்ல. அதை எப்படிக் குறைப்பது என்பது வேறு கதை, அதற்கு நாளை வருகிறேன். முதலில் ஆசான் எழுதிய நிறுவலைப் பார்க்க வேண்டும். வருடா வருடம் விடைத்தாளில் நான் சிவப்பு மையால் வட்டம் போட்ட இடம் அது.

ஒரு சமனிலியின் இரண்டு பக்கத்தையும் வகையிட முடியாது. காலி வீதியில் இரண்டு 100 ஆம் இலக்க பஸ் போகின்றன என்று வையுங்கள். பின்னால் வருவது முன்னால் போவதை எந்நேரமும் முந்தவில்லை. அதனால் அதன் வேகமும் எந்நேரமும் குறைவு என்று சொல்ல முடியுமா? வெள்ளவத்தைச் சந்தியில் முன் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது, பின் பஸ் பறந்து வந்து அதன் பின்னால் பிரேக் அடிக்கும். இடம் பின்னால்தான், வேகம் கூட. D உம் அப்படித்தான். வலது பக்கத்துக்குக் கீழே இருந்துகொண்டே ஒரு கணம் விறுவிறென்று ஏறலாம். அந்தக் கணத்தில் D' ≤ 9.8 D பொய்.

ஆகவே D ஐ விட்டுவிடுங்கள். முன் பஸ்ஸைப் பிடியுங்கள், அதாவது வலது பக்கம் முழுவதற்கும் ஒரு பெயர் வையுங்கள்:

```
U(t) = D(0) + L ∫ D(s) ds
```

இது சமன், சமனிலி அல்ல. ஆகவே தாராளமாக வகையிடலாம்: U' = L D. இப்போது தந்த சமனிலி D ≤ U என்கிறது. L மறை இல்லை என்பதால் U' = L D ≤ L U. இது உண்மையான வகையீட்டுச் சமனிலி. D ஆலோ U ஆலோ பிரிக்கவும் தேவையில்லை, பிரித்தால் சைபரா என்ற தலையிடி. e^(−Lt) ஆல் பெருக்குங்கள்:

```
(e^(-Lt) U)' = e^(-Lt) (U' - L U) <= 0
```

பெறுதி நேர் ஆகாத சார்பு ஏறாது. ஆகவே e^(−Lt) U(t) ≤ U(0) = D(0). அதாவது D ≤ U ≤ D(0) e^(Lt). அவ்வளவுதான். D ஐ யாரும் வகையிடவில்லை என்பதைக் கவனியுங்கள். D வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட வேண்டாம், தொடர்ச்சியாக இருந்தால் போதும். தூரம் என்பது வர்க்கமூலம் எடுத்து வருவது, சைபரைத் தொடும் இடத்தில் அதற்குப் பெறுதி இல்லாமல் போகலாம். தொகையீட்டு வடிவத்தின் பயனே அதுதான். குரொன்வால் 1919 இல் கொடுத்தது வகையீட்டு வடிவத்துக்குக் கிட்டியது. நீங்கள் பாவிக்கும் தொகையீட்டு வடிவம் பெல்மன் 1943 இல் தந்தது. அதனால் சில புத்தகங்களில் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

D(0) = 0 என்று போட்டால் D எப்போதும் 0. ஒரே இடத்தில் தொடங்கிய இரண்டு தீர்வுகள் பிரியவே முடியாது. தீர்வு ஒன்றுதான் என்ற தேற்றம் இலவசமாகக் கிடைக்கிறது.

---

கொட்டாஞ்சேனை_ஆசான் · புதன், காலை 6:15

பஸ் உதாரணம் நல்லா இருக்கு. ஏற்றுக்கொள்கிறேன், ரியூசனில் இருபது வருடமாக இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். ஆனால் −9.8 விசயத்தை நீங்கள் தொடவில்லையே? x' = −x ஐ எடுங்கள். தீர்வுகள் நெருங்குகின்றன, வித்தியாசம் e^(−t) ஆகச் சுருங்குகிறது. உங்கள் முறையில் L = 1, மேலெல்லை e^t. உண்மை கீழே போகிறது, நீங்கள் மேலே போகிறீர்கள். L = −1 என்று போட்டால் சரியான விடை வருகிறதே.

---

பழைய_கம்பஸ்காரி · புதன், காலை 8:50

விடை சரி, வழி பிழை. "L மறை இல்லை என்பதால்" என்று ஒரு வரி எழுதினேன், அது சும்மா எழுதியது அல்ல. மறை எண்ணால் பெருக்கினால் சமனிலி திரும்பிவிடும், L D ≤ L U என்பது அங்கேயே விழுந்துவிடும்.

விழுகிறதா என்று பார்க்க ஒரு சார்பு தருகிறேன். u ≤ 1 − ∫u என்று எடுங்கள், L = −1. u சார்பு t = 2 வரைக்கும் 0. அதன் பிறகு மிகச் சடுதியாக, ஒரு நூறில் ஒரு பங்கு நேரத்தில், 0.9 இற்கு ஏறுகிறது. அதுவரைக்கும் தொகையீடு 0.01 ஐக்கூடத் தாண்டவில்லை, ஆகவே வலது பக்கம் 0.99 இற்குக் குறையவில்லை. சமனிலி முழுக்க முழுக்க உண்மை. ஆனால் e^(−2) = 0.135. u அந்த நேரத்தில் 0.9. "u ≤ e^(−t)" பொய்.

ஏன் என்றால், தொகையீட்டுச் சமனிலி u ஐ மேலிருந்து மட்டும் அழுத்துகிறது. மாறிலி மறையாக இருந்தால் u சோம்பேறியாகக் கீழே படுத்திருந்து, தொகையீட்டைச் சேரவிடாமல், பிறகு துள்ளி எழும்பலாம். மாறிலி நேராக இருந்தால் கீழே படுத்திருப்பதால் லாபம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஆசான் சொல்ல வருவது வீண் போகவில்லை. குறியைத் தொலைக்காமல் வைத்திருக்க ஒரு வழி இருக்கிறது, தொகையீட்டுக்குப் போக முன்னமே, வகையீட்டு வடிவத்தில் அதைப் பிடிக்க வேண்டும். பின்னேரம் எழுதுகிறேன், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வர வேண்டும்.

சும்மா வாசிப்பவன் தம்பிக்கு: வண்ணத்துப்பூச்சிக்கும் இந்தச் சமனிலிக்கும் சண்டை இல்லை. லொரன்ஸ் 1963 இல் எழுதிய சமன்பாடுகளும் இதற்குக் கட்டுப்பட்டவைதான். ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு, அந்நேரம் வரைக்கும் இவ்வளவு பிழைக்குள் இருக்க வேண்டும் என்றால், தொடக்கத்தை எவ்வளவு துல்லியமாக எடுக்க வேண்டும் என்று சமனிலி சொல்லும். நேரம் கூடக்கூட அந்தத் துல்லியம் e^(−Lt) ஆகச் சுருங்கலாம், அதுதான் பூச்சிக்கதை. ஆனால் நிலாவின் ஊசல் ஒழுங்கான பிள்ளை, பூச்சி அங்கே பறக்கவில்லை.

---

மாடித்தாங்கி_தவம் · புதன், பகல் 12:30

நான் கட்டட வேலைக்காரன், கணக்கு ஓ.எல். ஏ.எல். அளவுதான். தெஹிவளையில் ஒரு தொடர்மாடியில் இரண்டு தண்ணீர்த் தாங்கி. ஒரே அளவு, ஒரே வெளியேற்றுக் குழாய். கழுவுவதற்கு இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டோம். ஒன்றில் 1 மீற்றர், மற்றதில் 81 சென்ரிமீற்றர். 50 நிமிடத்தில் பார்த்தால் வித்தியாசம் பாதிக்கும் குறைவு. தண்ணீர் இறங்கும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதம் என்று படித்த ஞாபகம். இதற்கு உங்கள் L என்ன? வர்க்கமூலத்தின் சாய்வு சைபருக்குக் கிட்டப் போகப்போக முடிவிலி ஆகிறதே.

---

பம்பலப்பிட்டி_நிலா · புதன், மாலை 4:45

நிறுவல் இப்போது விளங்குகிறது. நன்றி அக்கா. U இற்குப் பெயர் வைப்பதுதான் சூட்சுமம் என்று யாரும் சொல்லவே இல்லை. விரிவுரைக் குறிப்பில் அது ஒரு எழுத்தாக மட்டும் கிடந்தது.

ஆனால் 10^42 இன்னும் அப்படியே நிற்கிறது. ஒப்படைக்க வேண்டியது வெள்ளி.

---

பழைய_கம்பஸ்காரி · புதன், இரவு 8:30

சரி, 10^42 ஐ இறக்குவோம். இரண்டு படி.

முதல் படி தூரத்தை எப்படி அளக்கிறோம் என்பது. நிலா, நீங்கள் கோணத்தின் வர்க்கத்தையும் கோணவேகத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்திருக்கிறீர்கள். ஒன்று ஆரையன், மற்றது செக்கனுக்கு ஆரையன். தேங்காயையும் மாங்காயையும் கூட்டியிருக்கிறீர்கள். கூட்டக்கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் கூட்டியதற்கு விலை கொடுக்கிறீர்கள். ஊசலுக்கு சொந்தமான ஒரு வேகம் இருக்கிறது, ω = √9.8 = 3.13. v இற்குப் பதிலாக w = v/ω எடுங்கள்:

```
x' = ω w
w' = -ω sin x
```

இப்போது இரண்டு வரியிலும் ஒரே ω. லிப்சிட்ஸ் மாறிலி 9.8 அல்ல, 3.13. பத்துச் செக்கனுக்கு e^31.3, அதாவது 4 × 10^13 அளவு. ஊசலில் எதையும் தொடவில்லை, அளவுகோலை மட்டும் மாற்றினோம், 29 சைபர் கழன்று விழுந்தது. இரண்டு ஊசலும் ஓய்விலிருந்து தொடங்குவதால் D(0) மாறவில்லை, அதே ஒரு பாகை.

இரண்டாவது படிதான் ஆசான் தேடிய குறி. தூரத்துக்குப் பதில் தூரத்தின் வர்க்கத்தை வகையிடுங்கள். வர்க்கத்துக்கு எங்கேயும் பெறுதி இருக்கிறது, பயமில்லை. இரண்டு ஊசலின் கோண வித்தியாசம் p, w வித்தியாசம் q, சைன் வித்தியாசம் s என்று வையுங்கள்.

```
D² = p² + q²
(D²)' = 2 p (ω q) + 2 q (-ω s) = 2 ω q (p - s)
```

இந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். சாதாரண முறையில் நீங்கள் p ஐயும் s ஐயும் தனித்தனியே மட்டு எடுத்துப் பெரிதாக்கினீர்கள். இங்கே அவை ஒன்றை ஒன்று கழிக்கின்றன. சின்னக் கோணத்தில் சைன் ஏறக்குறைய கோணமே, ஆகவே p − s கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எவ்வளவு ஒன்றுமில்லை? இடைப்பெறுமானத் தேற்றப்படி s = p cos ξ, ξ இரண்டு கோணத்துக்கும் இடையில் எங்கோ. இரண்டு ஊசலும் 30 பாகையைத் தாண்டாது, சக்திக் காப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. எனவே cos ξ குறைந்தது cos 30° = 0.866. ஆகவே |p − s| ≤ 0.134 |p|.

2|p||q| ≤ p² + q² என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே

```
(D²)' <= 0.134 ω D²
```

இதிலிருந்து D² இற்கு e^(0.134 ω t), D இற்கு அதன் பாதி அடுக்கு, e^(0.067 ω t). பத்துச் செக்கனுக்கு 0.067 × 31.3 = 2.1. e^2.1 ஏறக்குறைய 8.

ஒரு பாகை, 10^42 இலிருந்து 8 பாகைக்கு வந்துவிட்டது.

இந்த 0.067 ω ஐ ஒருபக்க லிப்சிட்ஸ் மாறிலி என்பார்கள். இது மறையாகவும் இருக்கலாம், அதில் தடை இல்லை. ஏனென்றால் இங்கே நாம் தொடங்கியது உண்மையான வகையீட்டுச் சமனிலியில், e^(…) ஆல் பெருக்கும் வேலைக்குக் குறி தேவையில்லை. x' = −x இற்கு இது −1 ஐத் தரும். ஆசானின் விடை, நேர்மையான வழியில்.

---

கொட்டாஞ்சேனை_ஆசான் · புதன், இரவு 9:05

நேர்மையான வழியில் என்பதைக் கவனித்தேன் ரீச்சர்.

---

பழைய_கம்பஸ்காரி · புதன், இரவு 9:30

தவம் தம்பிக்கு. உங்கள் தாங்கி இந்த இழைக்கு வந்தது என் அதிர்ஷ்டம். h' = −k√h. சாதாரண L இல்லை, நீங்கள் சொன்னபடி முடிவிலி. ஆனால் ஒருபக்கமாகப் பாருங்கள்: எந்தத் தாங்கியில் தண்ணீர் கூடவோ அதுதான் வேகமாக இறங்குகிறது. ஆகவே வித்தியாசம் கூட வழியே இல்லை, ஒருபக்க மாறிலி 0. உங்கள் இலக்கங்களையே எடுப்போம். 1 மீற்றர் தாங்கி 100 நிமிடத்தில் காலியாகிறது என்றால் உயரம் (1 − t/100)². மற்றது √0.81 = 0.9 இலிருந்து, (0.9 − t/100)². ஐம்பது நிமிடத்தில் 25 சென்ரிமீற்றரும் 16 சென்ரிமீற்றரும். வித்தியாசம் 19 ஆக இருந்தது 9 ஆகிவிட்டது, நீங்கள் கண்டபடியே.

ஆனால் காலத்தைப் பின்னுக்கு ஓட்டினால் கதை வேறு. 100 நிமிடத்தில் இரண்டும் காலி. காலியான தாங்கியைப் பார்த்து, அது இப்போதுதான் காலியானதா, பத்து நிமிடம் முன்னம் காலியானதா என்று சொல்ல முடியுமா? முடியாது. பின்னோக்கிய சமன்பாடு h' = +k√h. அதில் 0 இலிருந்து தொடங்கும் தீர்வுகள் எண்ணற்றவை. ஒன்று அப்படியே 0 இல் கிடக்கும், மற்றவை தாம் விரும்பிய நேரத்தில் கிளம்பும். லிப்சிட்ஸ் நிபந்தனை உடையும் இடத்தில் நிறுவல் மட்டும் அல்ல, உண்மையும் உடைகிறது.

---

மாடித்தாங்கி_தவம் · புதன், இரவு 9:50

காலித் தாங்கியைப் பார்த்து எப்போது காலியானது என்று சொல்ல முடியாததால்தான், காலையில் யார் திறந்துவிட்டது என்று தொடர்மாடிக் குழுவில் இன்னும் சண்டை நடக்கிறது.

---

பம்பலப்பிட்டி_நிலா · வியாழன், அதிகாலை 1:10

தூக்கம் வரவில்லை, ஓட்டிப் பார்த்தேன்.

```python
from math import sin, sqrt, radians, degrees
om = sqrt(9.8)
def f(x, w):
    return om*w, -om*sin(x)
def run(deg, T=10.0, n=100000):
    x, w, h = radians(deg), 0.0, T/n
    for _ in range(n):
        a, b = f(x, w)
        c, d = f(x + h*a/2, w + h*b/2)
        x, w = x + h*c, w + h*d
    return x, w
x1, w1 = run(29)
x2, w2 = run(30)
print(degrees(sqrt((x1-x2)**2 + (w1-w2)**2)))
```

1.4 அளவு வருகிறது. மேலெல்லை 8, உண்மை 1.4. இன்னும் இறக்கலாமா? T ஐ 20, 40 என்று கூட்டிப் பார்த்தேன், தூரம் e போல ஏறுவதாகத் தெரியவில்லை, ஏறக்குறைய நேர்கோடு போல மெதுவாகத்தான் ஏறுகிறது.

---

பழைய_கம்பஸ்காரி · வியாழன், காலை 9:15

நல்ல கண். வீச்சம் கூடிய ஊசல் சற்று மெதுவாக ஆடும். 30 பாகை ஊசல் 29 பாகை ஊசலை விட ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பின்தங்குகிறது. ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் சுற்றுக்கு ஓரடி பின்தங்குவது போல, பத்துச் சுற்றில் பத்தடி. அது நேர்கோடு. சுற்றுப்பாதைகள் ஒரு அளவுக்குள் அடங்குவதால் இந்த ஏற்றம் முடிவில் ஒரு கட்டத்தில் நிற்கவும் வேண்டும், ஊசலை விட்டு ஊசல் வேறெங்கே போவது?

குரொன்வாலுக்கு இது தெரியாது. ஒவ்வொரு கணத்திலும் மிக மோசமான திசையில்தான் வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் பார்க்கிறது. உண்மையில் வித்தியாசம் சுழன்றுகொண்டே இருக்கிறது: q(p − s) ஒருகால் நேர், கால் சுற்றுக் கழித்து மறை. பெரும்பகுதி தானாகவே அடித்துக்கொண்டு போய்விடும். சக்தியையும் கட்டத்தையும் ஆள்கூறாக எடுத்தால் நேர்கோட்டு மேலெல்லை கிடைக்கும், ஆனால் அது வேறு ஆயுதம். வேறொரு மாறாத தூர அளவை எடுத்து இந்த முறையிலேயே e ஐ ஒழிக்கலாமா என்று கேட்டால், முடியாது என்றுதான் நினைக்கிறேன். வித்தியாசம் உண்மையாகவே வளர்வதால் மாறிலி 0 ஆக முடியாது, 0 இற்கு மேல் எதுவானாலும் e வந்துவிடும்.

---

கொட்டாஞ்சேனை_ஆசான் · வியாழன், காலை 10:30

அப்போ e^(ωt) என்ற பெரிய எல்லை எங்கேயும் தேவைப்படாத ஒரு பூச்சாண்டியா?

---

பழைய_கம்பஸ்காரி · வியாழன், மாலை 5:40

இல்லை. ஊசலைத் தலைகீழாக நிறுத்துங்கள். நூல் சரிவராது, கம்பி வேண்டும். மேலே, 180 பாகைக்குக் கிட்ட, cos ஏறக்குறைய −1. ஆகவே p − s ஆனது 2p ஆகிறது, 0.134 இருந்த இடத்தில் 2, ஒருபக்க மாறிலி முழு ω. அங்கே ஈர்ப்பு நடுவுக்கு இழுக்கவில்லை, வெளியே தள்ளுகிறது. சரியாக 180 இல் ஒன்று, அதிலிருந்து 0.001 ஆரையன் தள்ளி மற்றது, இரண்டும் ஓய்வில். ωt = 5 ஆகும்போது, அதாவது இந்த ஊசலுக்கு 1.6 செக்கனில், தூரம் ஏறக்குறைய 105 மடங்கு. e^5 = 148. ஓய்வில் விடாமல் சரியான திசையில் மெல்லத் தட்டிவிட்டால் 148 ஐயே கிட்டத்தட்டத் தொடலாம். அங்கே சமனிலி இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

174 பாகையிலும் 175 பாகையிலும் விட்டால் இன்னும் வடிவாகத் தெரியும். 1.4 செக்கன் அளவில் முதலாவது அடியைக் கடக்கும்போது மற்றது சுமார் 21 பாகை பின்னால். ஒரு பாகை 21 ஆனது பெரும்பாலும் மேலே தயங்கி நின்ற நேரத்தில்தான். விழத் தொடங்கிய பிறகு விரிவு குறைந்துவிடும். L ஐ ஒரே எண்ணாக வைக்காமல் நேரத்தோடு மாற விடலாம், அடுக்கில் Lt இற்குப் பதில் ∫L(s) ds வரும். நிறுவலில் ஒரு எழுத்துத்தான் மாறும். அதை நிலா தானே எழுதிப் பார்க்கட்டும்.

---

பம்பலப்பிட்டி_நிலா · வெள்ளி, காலை 7:20

எழுதிவிட்டேன். e^(−Lt) இருந்த இடத்தில் e^(−∫L), மற்றதெல்லாம் அப்படியே. 10^42 ஐயும் விடைத்தாளில் வெட்டாமல் வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே 4 × 10^13, அதற்குக் கீழே 8. மூன்றும் உண்மை என்று ஒரு வரி.

ஒன்று மட்டும் மிச்சம். பயிற்சியின் கடைசிப் பகுதியில் ஊசலின் தொங்கும் புள்ளியை மேலும் கீழும் ஆட்டச் சொல்கிறார்கள். அப்போது சக்திக் காப்பு இல்லை. 30 பாகைக்குள் இருக்கும் என்று எதை வைத்துச் சொல்வது?

---

மாடித்தாங்கி_தவம் · வெள்ளி, காலை 7:45

தங்கச்சி, கையில் பிடித்துக்கொண்டு ஆட்டிப் பார்த்தீர்களா? கயிற்றில் தூக்குக்குண்டு கட்டி நாங்கள் சுவர் பார்ப்போம். சாரம் அதிர்ந்தால் குண்டு சிலவேளை சும்மா நிற்கும், சிலவேளை தானாகப் பெரிதாக ஆடத் தொடங்கும். எப்போது எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.